பங்கு விலையிலிருந்து சொந்தக் காசின் விலையைக் கண்டுபிடிப்பது: ஒரு பம்ப் கம்பெனிக் கணக்கு

"பேங்க் ஒன்பதரை கேக்குதுங்க. சொந்தக் காசுக்கு என்னங்க வட்டி? அது சும்மாதானே கெடக்குது, அதையே போட்டுரலாமுங்க."

கோவை கணபதிப் பகுதியில் வார்ப்படப் பட்டறை நடத்தும் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். பம்ப் கம்பெனிகளுக்கு உறை வார்த்துக் கொடுப்பவர். புதிதாக ஓர் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் போட வேண்டும், வருடத்துக்கு 11 சதவீதம் வரும் என்று அவருடைய கணக்கு. கடன் வாங்கினால் 9.5 போய்விடும், சொந்தக் காசு போட்டால் 11-ம் கையில் நிற்கும் என்பது அவர் வாதம்.

சொந்தக் காசுக்கும் விலை உண்டு. அதே அளவு ஆபத்துள்ள வேறொரு தொழிலில் அந்தப் பணத்தைப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் அந்த விலை. பட்டறைப் பங்குக்குச் சந்தை கிடையாது, ஆனால் அவர் சப்ளை செய்யும் தொழிலில் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் இருக்கின்றன. அந்தப் பங்கை இன்றைய விலை கொடுத்து வாங்குகிறவர்கள் எத்தனை சதவீதம் எதிர்பார்த்து வாங்குகிறார்கள் என்று விலையிலிருந்தே பின்னோக்கிக் கணக்குப் போடலாம். அதைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். கம்பெனி கோவையைச் சேர்ந்த ஒரு பம்ப் கம்பெனி, பெயர் வேண்டாம். எண்களைக் கணக்குக்கு வசதியாகச் சற்று மாற்றியிருக்கிறேன்.

தென்னந்தோப்பில் இருக்கும் சூத்திரம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு ஏக்கர் 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வரும் வருடம் குத்தகை 80,000 ரூபாய். விலையில் அது 2 சதவீதம்தான். பிறகு ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், "ஏறுமுங்க" என்பார்கள். குத்தகை வருடத்துக்கு 7 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி வாங்கியவர், தன்னை அறியாமலே 9 சதவீத வருமானத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். 2 குத்தகையாக வருகிறது, 7 ஏற்றமாக வருகிறது.

பங்குக்கும் இதே கணக்குத்தான். மைரன் கார்டனும் எலி ஷாப்பிரோவும் 1956-ல் எழுதி வைத்த வடிவம் இது:

```
r = D1 / P0 + g
```

P0 இன்றைய விலை. D1 அடுத்த ஒரு வருடத்தில் வரப்போகும் டிவிடெண்ட். g அந்த டிவிடெண்ட் வருடா வருடம் வளரும் வீதம். r என்பது இந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் பங்கு மூலதனச் செலவு.

தோப்புக்காரர்கள் தடுக்கி விழும் இடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். g என்பது விலை ஏறும் வேகம் அல்ல, குத்தகை ஏறும் வேகம். குத்தகை நின்ற இடத்தில் நிற்க, பைபாஸ் வருகிறது என்று விலை மட்டும் இரண்டு மடங்காகியிருந்தால், அந்த ஏற்றத்தை g-யில் போடக்கூடாது. பங்கிலும் அப்படியே. போன மூன்று வருடத்தில் பங்கு விலை எவ்வளவு ஏறியது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

முதல் படி: டிவிடெண்டைச் சுத்தம் செய்வது

கம்பெனியின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பில் "800% டிவிடெண்ட்" என்று இருந்தது. இந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல் சொல்லப்படுவது, சந்தை விலையின் மேல் அல்ல. முகமதிப்பு 2 ரூபாய், ஆகவே 800% என்றால் பங்குக்கு 16 ரூபாய்.

அந்த 16-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அறிவிப்பை முழுதாகப் படித்தால் அதில் 300%, அதாவது 6 ரூபாய், கம்பெனியின் பொன்விழாவுக்கான சிறப்பு டிவிடெண்ட் என்று தெரிந்தது. பொன்விழா அடுத்த வருடம் மறுபடி வராது. வழக்கமான டிவிடெண்ட் 10 ரூபாய்தான், நம் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். இடைக்கால டிவிடெண்ட், இறுதி டிவிடெண்ட் என்று பிரித்துக் கொடுக்கும் கம்பெனியாக இருந்தால் வருடத்துக்கு உரிய எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இறுதியை மட்டும் எடுத்துவிட்டு "டிவிடெண்ட் குறைந்துவிட்டதே" என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய வருடங்களோடு ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் இதே கம்பெனி 250% கொடுத்தது. அப்போது முகமதிப்பு 10 ரூபாய், ஆகவே பங்குக்கு 25 ரூபாய். இன்றைக்கு 10 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் டிவிடெண்ட் பாதிக்கும் கீழே போய்விட்டது போலிருக்கும். நடுவில் 10 ரூபாய்ப் பங்கை ஐந்து 2 ரூபாய்ப் பங்குகளாக உடைத்திருக்கிறார்கள். அந்த 25 ரூபாயை ஐந்தால் வகுத்தால் 5 ரூபாய். ஆகவே ஆறு வருடத்தில் 5 ரூபாய் 10 ரூபாயாகியிருக்கிறது, வருடத்துக்கு ஏறத்தாழ 12 சதவீத வளர்ச்சி. போனஸ் பங்கு கொடுத்திருந்தாலும் இதே திருத்தம் வேண்டும்.

வரியைக் கழிக்க வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் வரி கம்பெனியிடமிருந்து பங்குதாரர் கைக்கு மாறிவிட்டது. உங்கள் கணக்கில் டிடிஎஸ் போக வந்த தொகையைப் போட்டால் r தவறாகக் குறையும். கம்பெனி அறிவித்த முழுத் தொகையையே போடுங்கள்.

இரண்டாம் படி: விலையைச் சுத்தம் செய்வது

நான் கணக்குப் போட்ட அன்று திரையில் விலை 656 ரூபாய். எக்ஸ்-டேட்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதாவது அன்றைக்கு வாங்குகிறவருக்கு அந்த 16 ரூபாயும் சேர்ந்தே கிடைக்கும். காய் பறிக்காத தோப்பை வாங்குவது போல. அந்தக் காயின் விலையைக் கழித்தால்தான் தோப்பின் விலை தெரியும். 656-ல் 16 போக 640. இதுதான் நம் P0. இதன் பின் வரும் முதல் டிவிடெண்ட் ஒரு வருடம் கழித்து வருவது, அதுதான் D1.

இந்தப் பங்கில் இந்தத் திருத்தம் பெரிதாக ஒன்றும் செய்யாது. விலையில் 5, 6 சதவீதம் டிவிடெண்ட் தரும் கம்பெனியாக இருந்தால் செய்யும். அதை விட முக்கியமானது, ஒரே டிவிடெண்டை விலைக்குள்ளும் D1-ஆகவும் இரண்டு முறை எண்ணாமல் இருப்பது.

மூன்றாம் படி: முதல் விடை, அதை ஏன் நம்பக்கூடாது

கடந்த ஆறு வருடம் 12 சதவீதம். தரகு நிறுவன அறிக்கைகளிலும் அடுத்த சில வருடத்துக்கு அதே அளவு முன்கணிப்பு. ஆகவே D1 = 10 × 1.12 = 11.20 ரூபாய்.

```
r = 11.20 / 640 + 0.12 = 0.0175 + 0.12 = 13.75%
```

பல மதிப்பீட்டு அறிக்கைகள் இங்கே நின்றுவிடுகின்றன. இந்த விடையின் உள்ளே கொஞ்சம் பாருங்கள். 13.75-ல் சந்தை சொன்னது 1.75 மட்டும். மிச்சம் 12-ம் நாமே எழுதிப் போட்டது. பங்கு விலை பாதியாக விழுந்து 320 ஆனாலும் r வெறும் 1.75 புள்ளிதான் ஏறும். ஆனால் g-யை 12-லிருந்து 13 ஆக்கினால், யாரையும் கேட்காமல் r ஒரு புள்ளி ஏறிவிடுகிறது. "சந்தை சொல்கிறது" என்ற பெயரில் நம் குரலையே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். டிவிடெண்ட் குறைவாகவும் வளர்ச்சி அதிகமாகவும் உள்ள நம்மூர் உற்பத்திக் கம்பெனிகள் பலவற்றில் இதுதான் நிலைமை.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. இந்தச் சூத்திரத்தில் g என்பது ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ அல்ல, முடிவே இல்லாமல். நீண்ட காலத்தில் நாட்டின் பொருளாதாரம் விலைவாசியோடு சேர்ந்து வளரும் வேகத்தை விட ஒரு கம்பெனி என்றென்றும் வேகமாக வளர்ந்தால், ஒரு நாள் நாட்டை விடக் கம்பெனி பெரிதாகிவிடும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். அதன் மேல் நிரந்தரமான உண்மை வளர்ச்சியாக 3 சதவீதம் கொடுத்தால் 7 வருகிறது. நான் இறுதி வளர்ச்சிக்கு 7-க்கு மேல் போடுவதில்லை. இப்போது நாடு இதை விட வேகமாக வளர்வது தெரியும், ஆனால் "என்றென்றும்" என்பது நீண்ட வார்த்தை.

நான்காம் படி: வளர்ச்சியை இரண்டாகப் பிரிப்பது

முதல் ஐந்து வருடம் 12 சதவீதம், அதன் பின் 7 சதவீதம். இப்போது ஒற்றை வரிச் சூத்திரம் போதாது. ஐந்து டிவிடெண்டுகளைத் தனித்தனியாக எழுதி, ஆறாம் வருடத்திலிருந்து வருவதை ஒரே தொகையாகச் சுருக்கி, எல்லாவற்றின் இன்றைய மதிப்பும் 640 ஆகும்படி r-ஐத் தேட வேண்டும்.

ஐந்து டிவிடெண்டுகள்: 11.20, 12.54, 14.05, 15.74, 17.62. ஆறாம் வருடம் 17.62-ஐ 7 சதவீதம் உயர்த்தினால் 18.86. இதைப் போட்டுத் தேடினால் r = 9.1 சதவீதம்.

13.75 எங்கே, 9.1 எங்கே. அதே விலை, அதே டிவிடெண்ட். ஆனால் 9.1-ஐயும் நான் ஏற்கவில்லை. பட்டறைக்காரர் சொன்ன பேங்க் வட்டியை நினைத்துப் பாருங்கள், 9.5. கடன் கொடுத்தவருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு. வரிசையில் கடைசியில் நிற்பவர் முன்னால் நிற்பவரை விடக் குறைவாகக் கேட்பாரா? இந்தக் கம்பெனி பெரியது, அதற்குக் கடன் இன்னும் மலிவாகவே கிடைக்கும் என்பது உண்மை. இருந்தாலும் பங்கின் r கடன் வட்டிக்குப் பக்கத்திலோ கீழேயோ வந்தால், எங்கோ ஓர் உள்ளீடு பிசகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்னால் போய்த் தேடுவது என் வழக்கம்.

ஐந்தாம் படி: வளர்ச்சி குறைந்தால் கை தாராளமாகும்

பிசகு ஆறாம் வருட டிவிடெண்டில் இருந்தது.

இந்தக் கம்பெனி பங்குக்கு 28 ரூபாய் சம்பாதித்து 10 ரூபாய் கொடுக்கிறது. கிட்டத்தட்ட 36 சதவீதம் வெளியே, 64 சதவீதம் உள்ளே. பங்குதாரர் நிதியின் மேல் அது ஈட்டுவது 18 சதவீதம். உள்ளே வைத்த பங்கை ஈட்டும் வீதத்தால் பெருக்கினால் வளர்ச்சி வரும்: 0.64 × 18 = 11.5. நாம் போட்ட 12-க்கு இது பக்கத்தில் வருவதால் முதல் ஐந்து வருடக் கணக்கு தன் காலில் நிற்கிறது.

ஆனால் 7 சதவீதம் மட்டுமே வளரும் கம்பெனிக்கு எதற்கு 64 சதவீதத்தை உள்ளே வைக்க வேண்டும்? 7-ஐ 18-ஆல் வகுத்தால் 39 சதவீதம் போதும். புது ஷெட் வேண்டாம், புது மெஷின் குறைவு. மிச்சம் 60 சதவீதத்துக்கு மேல் பங்குதாரருக்குக் கொடுத்துவிடலாம். வளர்ச்சியை மட்டும் குறைத்துவிட்டு டிவிடெண்ட் விகிதத்தைப் பழைய 36-லேயே விட்டால், மிஞ்சிய பணம் எங்கே போனது என்ற கேள்விக்குக் கணக்கில் பதில் இல்லை. முந்தைய விடை கீழே இறங்கியதன் காரணம் இதுதான்.

திருத்துவோம். 28 ரூபாய் லாபம் ஐந்து வருடம் 12 சதவீதம் வளர்ந்தால் 49.35. ஆறாம் வருடம் 7 சதவீதம் ஏறி 52.80. அதில் 60 சதவீதம் டிவிடெண்ட் என்றால் 31.68 ரூபாய். முன்பு போட்ட 18.86-க்குப் பதில் இதைப் போட வேண்டும்.

எக்செல்லில் B1-ல் ஒரு தொடக்க r (12% என்று எழுதுங்கள்), B2-ல் 7%, C2 முதல் C6 வரை ஐந்து டிவிடெண்டுகள், C7-ல் 31.68. D1 அறையில்:

```
=NPV(B1,C2:C6)+C7/(B1-B2)/(1+B1)^5
```

பிறகு Data > What-If Analysis > Goal Seek. Set cell-ல் D1, To value-ல் 640, By changing cell-ல் B1. அறையின் பெயரும் நம் டிவிடெண்ட் குறியீடும் ஒன்றாக அமைந்தது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம். B1-ஐ 7-க்குக் கீழே தொடங்கினால் வகுக்கும் எண் எதிர்மறையாகி விடை தாறுமாறாகப் போகும், அதனால்தான் 12-ல் தொடங்கச் சொன்னேன்.

எக்செல்லை நம்பாதவர்கள் கையால் சரிபார்க்கலாம். r = 10.3% என்று வையுங்கள். ஐந்து டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு ஒவ்வொன்றும் பத்து ரூபாயைச் சற்றுத் தாண்டும், கூட்டினால் 52.4. ஐந்தாம் வருட முடிவில் பங்கின் மதிப்பு 31.68 / 0.033 = 960. அதை 1.103-ன் ஐந்தாம் அடுக்கால், அதாவது 1.6326-ஆல் வகுத்தால் 588. இரண்டையும் கூட்டினால் 640.4. விலை 640. ஆகவே r = 10.3 சதவீதம்.

ஆறாம் படி: விடையை அசைத்துப் பார்ப்பது

இறுதி வளர்ச்சியை 7-லிருந்து 6 ஆக்கினேன். டிவிடெண்ட் விகிதம் அதற்கேற்ப மூன்றில் இரண்டு பங்காக ஏறுகிறது. r 9.7 ஆனது. ஒற்றை வரிச் சூத்திரத்தில் g ஒரு புள்ளி குறைந்தால் r-உம் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும். இங்கே 0.6 மட்டும். வளர்ச்சியில் போனதில் ஒரு பகுதி டிவிடெண்டாகத் திரும்பி வருவதால் கணக்குக்கு ஒரு நிதானம் வந்திருக்கிறது.

பிறகு 12 சதவீத வளர்ச்சியை ஐந்து வருடத்துக்குப் பதில் பத்து வருடம் ஓடவிட்டேன். r 10.8. ஆகவே நியாயமான ஊகங்களுக்குள் எப்படி அசைத்தாலும் விடை ஏறத்தாழ ஒன்பதே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அறிக்கையில் நான் எழுதுவது இந்த வரம்பைத்தான். 10.3 என்று தசமத்தோடு ஒற்றை எண்ணாக எழுதினால் படிப்பவர் அதைத் தராசில் நிறுத்த எடை என்று நினைத்துவிடுவார்.

யாராவது "இல்லை, இந்தப் பங்கு 13 சதவீதம் தரும்" என்று அடம்பிடித்தால் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டுவேன். 640 ரூபாயில் வாங்கி 13 கிடைக்க வேண்டுமானால் டிவிடெண்ட் என்றென்றும் 11.3 சதவீதம் வளர வேண்டும். அதை நம்புகிறீர்களா என்று கேட்டால் பேச்சு பம்ப் விற்பனைக்குத் திரும்பிவிடும், அது நல்ல பேச்சு.

இந்த முறை செல்லாத கம்பெனிகளும் நம் பக்கத்திலேயே நிறைய. நூற்பாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு விலை கைகொடுத்த வருடம் அள்ளிக் கொடுப்பார்கள், அடுத்த வருடம் ஒன்றுமே இருக்காது. நல்ல வருடத்து டிவிடெண்டை அடிப்படையாக வைத்து வளர்ச்சி போட்டால் வரும் r கற்பனை. அங்கே ஒரு முழுச் சுற்றின் சராசரி லாபத்தை எடுத்து, அதில் எவ்வளவு கொடுக்க முடியும் என்றுதான் தொடங்க வேண்டும். டிவிடெண்டே தராத கம்பெனிக்கு இந்தச் சூத்திரம் உதவாது. பங்குகளைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்கும் கம்பெனிக்கு டிவிடெண்டை மட்டும் பார்த்தால் r குறைவாகத் தெரியும், திரும்ப வாங்கிய தொகையையும் வருடச் சராசரியாகச் சேர்க்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி

அந்தப் பம்ப் கம்பெனிக்குப் பல மாநிலங்களில் டீலர்கள், கடன் குறைவு, பங்கை எந்த நாளும் விற்று வெளியே வரலாம். பட்டறைக்கு இரண்டே வாடிக்கையாளர்கள். ஒருவர் ஆர்டரை நிறுத்தினால் ஃபர்னஸ் பாதி நாள் சும்மா கிடக்கும். பங்கை விற்கலாம் என்றால் வாங்க ஆள் கிடையாது. ஆகவே 10.3-ன் மேல் ஏதோ ஒன்று கூட்ட வேண்டும். எவ்வளவு என்று இந்தக் கணக்கு சொல்லாது. நான் 3 புள்ளி கூட்டினேன், அது என் தீர்ப்பு. வேறொருவர் 2 என்பார், 4 என்பார். 2 என்றாலும் அவருடைய 11-ஐத் தாண்டிவிடுகிறது.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்ற காசு பேங்க்காரன் காசவிட வெல கூடவா இருக்குதுங்?" என்றார்.

ஆமாங்க என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃபர்னஸ் கொட்டேஷனை எடுத்து, மின்சாரச் செலவு வரியில் விரலை வைத்து, ராத்திரி ஷிஃப்டில் மட்டும் உருக்கினால் எவ்வளவு குறையும் என்று கேட்க ஆரம்பித்தார்.